25க்கு 9: விவாதப் பகுதி மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், இயற்பியல் முதலாண்டு. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது gயை, காணும் பழைய சோதனை. அறிக்கையின் மொத்த மதிப்பெண் 64, குறைசொல்ல முடியாத எண்தான். ஆனால் உள்ளே பார்த்தால் விவாதப் பகுதிக்கு மட்டும் 25க்கு 9. அதாவது 36 விழுக்காடு. அங்கே தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்பதால், அந்தப் பகுதியைத் தனித்தாளாக வைத்தால் தோல்வி. அதைப் பற்றிப் பாடத்தின் பொறுப்பாசிரியருக்கு மாணவி எழுதிய கடிதத்தையும், அந்தக் கடிதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். ஆட்களும் அறிக்கையின் எண்களும் மாதிரிக்காக அமைத்தவை. இயற்பியலும் பல்கலைக்கழக நடைமுறையும் உள்ளபடியே. கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. பொருள் மாறாமல் தமிழில் தருகிறோம்.

மதிப்பெண் வந்த அன்று

அறிக்கை டர்னிடின் என்ற இணையத் தளத்தின் வழியாகத் திருத்தப்பட்டது. மாணவி முதலில் பார்த்தது மேலே பெரிதாகத் தெரியும் மொத்த எண். அடுத்து, வலப்பக்கம் இருந்த பொதுக் கருத்துரை. விவாதத்தைப் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: "பெரும்பாலும் விவரணை. முடிவுகளோடு இணைக்கப்படவில்லை. பிழைகள் பொதுவாகச் சொல்லப்பட்டுள்ளன."

திருத்துபவர் பக்கமிருந்து பார்த்தால் இது போதுமான கருத்துரைதான். எண்பது அறிக்கைகளைத் திருத்துகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத முடியாது. மூன்று வாக்கியமும் உண்மை, மூன்றும் மதிப்பீட்டு அளவுகோலில் உள்ள சொற்களையே ஒட்டியவை. மாணவி பக்கமிருந்து பார்த்தால் மூன்றும் மூடிய கதவு. "இணைக்கப்படவில்லை" என்கிறாரே, சோதனையில் வந்த g 9.53ஐ, ஏற்கப்பட்ட 9.81 உடன் ஒப்பிட்டு எழுதியிருக்கிறோமே, அது இணைப்பு இல்லையா? "பொதுவாக" என்கிறாரே, மூன்று காரணம் பெயர் சொல்லி எழுதியிருக்கிறோமே?

அன்று இரவே ஒரு கடிதம் எழுதிவிட்டாள். நல்லவேளை, அனுப்பவில்லை. அது இப்படி இருந்தது:

"ரெஸ்பெக்டட் சார், தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மிகவும் தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கைக்காக நான் இரண்டு வாரம் மிகவும் உழைத்தேன். விவாதப் பகுதியில் எல்லாப் பிழைகளையும் எழுதியிருக்கிறேன். என் தோழியும் இதே காரணங்களைத்தான் எழுதினாள், அவளுக்கு 16 கிடைத்திருக்கிறது. தயவுசெய்து என் விவாதப் பகுதியை மறுபடி பார்த்து, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒவ்வொரு வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "ரெஸ்பெக்டட் சார்" நம் ஊர்ப் பள்ளியில் கற்ற பழக்கம். இங்கிலாந்தில் பட்டத்தோடு குடும்பப் பெயரைச் சேர்த்து "டியர் டாக்டர்" என்று தொடங்குவதுதான் மரியாதை. இது சின்ன விஷயம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. உழைப்பைச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. திருத்துபவர் பக்கத்தில் உள்ளதைத்தான் திருத்துகிறார். இரண்டு வாரமா இரண்டு நாளா என்பதற்கு அளவுகோலில் இடம் இல்லை. "எல்லாப் பிழைகளையும்" என்பதோ, அவர் சொன்ன குறையையே மறுபடி செய்வது. பிழைகளைப் பொதுவாக அடுக்கியிருப்பதுதானே அவருடைய புகாரே.

உண்மையில் ஆபத்தான வரி தோழியைப் பற்றியது. "இதே காரணங்களைத்தான் எழுதினாள்" என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் திருத்துபவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. சேர்ந்து எழுதினார்களா என்ற கேள்வி எழுந்தால் அது மதிப்பெண் விவகாரம் இல்லை, ஒழுங்கு விவகாரம். இன்னொன்று, ஒரே காரணங்களை இருவர் எழுதி ஒருவர் அளவோடு எழுதியிருந்தால் 9க்கும் 16க்கும் இடையில் அநியாயம் எதுவும் இல்லை.

கடைசியாக, அந்தக் கடிதத்தில் கேள்வியே இல்லை. வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. பதிலாக "மறுபடி பார்த்தேன், மதிப்பெண் சரியே" என்று ஒரு வரி வந்தால், கேட்டதற்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் பொருள்.

கேட்கக்கூடியதும் கேட்க முடியாததும்

இங்கே நடைமுறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் திருத்துபவரின் கல்விசார் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது. "இது 9க்குரியது அல்ல, 14க்குரியது" என்று வாதாடும் வழி பல்கலைக்கழகத்துக்குள் பொதுவாக மூடியிருக்கும். வெளியே மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்புக்குப் போனாலும் இதே நிலைதான். 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமே கல்விசார் தீர்ப்பை அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. முறையீட்டுக்கு இடம் கொடுப்பவை வேறு: நடைமுறை மீறல், கூட்டல் பிழை, தெரிவிக்காமல் போன உடல்நலக் காரணம் போன்றவை.

ஆகவே முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். சுருக்கம் 7, முன்னுரை 11, செய்முறை 11, முடிவுகள் 18, விவாதம் 9, வடிவமைப்பு 8. கூட்டினால் 64. சரியாக இருக்கிறது. 64க்குப் பதில் 46 என்று பதிவாகியிருந்தால் அதற்கு இந்த மாதிரிக் கடிதம் வேண்டாம். துறை அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும். அதேபோல, "வரைபடம் இல்லை" என்று கருத்துரை சொல்லி, வரைபடம் 5ஆம் பக்கத்தில் இருந்தால், அது தீர்ப்பு அல்ல, கவனத் தவறு. பக்க எண்ணைச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம். மதிப்பெண்கள் தேர்வுக்குழு கூடும்வரை தற்காலிகமானவைதான், அத்தகைய திருத்தத்துக்கு இடம் உண்டு.

இந்த மாணவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது விளக்கம். விளக்கம் கேட்கும் உரிமையை யாரும் மறுப்பதில்லை. அதை மதிப்பெண் கேட்பதோடு கலந்தால்தான் இரண்டும் கெடும்.

எழுதுமுன் இரண்டு மணி நேரம்

இரண்டு நாள் கழித்து அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டர்னிடினில் மதிப்பீட்டு அளவுகோல் தானாக விரிவதில்லை; அதற்கென்று இருக்கும் குறியைச் சொடுக்க வேண்டும். பல மாணவர்கள் பொதுக் கருத்துரையோடு நின்றுவிடுகிறார்கள், பக்கங்களின் நடுவே நீலக் குமிழிகளாக இருக்கும் குறிப்புகளைக்கூடத் திறப்பதில்லை. அளவுகோலில் விவாதத்துக்கான வரிசை ஏறக்குறைய இப்படி இருந்தது. 40க்குக் கீழே: முடிவுகளைத் திரும்பச் சொல்கிறது, பிழைக்காரணங்கள் எந்தச் சோதனைக்கும் பொருந்தக்கூடியவை. 50களில்: காரணங்கள் இந்தச் சோதனைக்குரியவை, ஆனால் அளவு மதிப்பிடப்படவில்லை. 60களில்: காரணங்களின் அளவும் திசையும் மதிப்பிடப்பட்டு, கண்ட வேறுபாட்டோடு ஒப்பிடப்படுகின்றன.

பிறகு தன் விவாதப் பகுதியின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்கு விடை எழுதினாள்: இந்த வாக்கியம் வேறொரு மாணவரின் அறிக்கையில் அப்படியே பொருந்துமா? "ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் மனிதத் தவறு ஏற்பட்டிருக்கலாம்" — பொருந்தும். "காற்றுத்தடையும் முடிவைப் பாதித்திருக்கலாம்" — பொருந்தும். "ஊசலை விடும் கோணம் ஒவ்வொரு முறையும் சற்று மாறியிருக்கலாம்" — பொருந்தும். பதினொரு வாக்கியத்தில் பொருந்தாதவை இரண்டே. ஒன்று, g 9.53 என்று வந்தது. மற்றொன்று, அது 9.81ஐவிட 2.9 விழுக்காடு குறைவு என்பது. "பொதுவாகச் சொல்லப்பட்டுள்ளன" என்ற கருத்துரை அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அதற்கடுத்து அவள் செய்தது இன்னும் முக்கியம். தான் சொன்ன காரணங்களில் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டாள். 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்திருக்கிறாள், மூன்று முறை. கைவிரல் தாமதம் மொத்தம் 0.2 நொடி என்று வைத்தால், 90 செ.மீ. நீளத்தில் 20 அலைவுக்கு ஆகும் 38.4 நொடியில் அது அரை விழுக்காடு. g கணக்கில் நேரம் இருபடியாக வருவதால் அது ஒரு விழுக்காடாகும். அதுவும் இப்பக்கமோ அப்பக்கமோ போகலாம். 2.9 விழுக்காடு குறைவை, அதுவும் ஐந்து நீளத்திலும் ஒரே பக்கமாக வந்த குறைவை, இது விளக்காது. கடிதம் எழுதுமுன்பே ஒரு காரணம் கையைவிட்டுப் போய்விட்டது.

இதைச் செய்யாமல் கடிதம் எழுதியிருந்தால், பதிலாக வருவது "ஒவ்வொரு பிழைக்கும் அளவு கொடுங்கள்" என்பதாகத்தான் இருந்திருக்கும். அது அளவுகோலிலேயே இருக்கிறது. தானே கண்டுபிடிக்கக்கூடியதைத் தானே கண்டுபிடித்துவிட்டால், கேள்வி அடுத்த படியிலிருந்து தொடங்குகிறது.

யாருக்கு அனுப்புவது

திருத்தம் பெயர் தெரியாமல் நடந்தது. திருத்தியவர் யார் என்று மாணவிக்கும், மாணவி யார் என்று திருத்தியவருக்கும் தெரியாது. ஆய்வக அறிக்கைகளை முனைவர் பட்ட மாணவர்களே திருத்துவதும் வழக்கம். அதனால் கடிதம் பாடத்தின் பொறுப்பாசிரியருக்குப் போனது, தாள் எண்ணோடு. தாள் எண் இல்லாவிட்டால் முதல் பதில் "உங்கள் தாள் எண் என்ன?" என்றுதான் வரும், ஒரு வாரம் அதிலேயே போகும். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். சொந்த மின்னஞ்சலில் வரும் மதிப்பெண் கேள்விக்குத் தனியுரிமை காரணமாகப் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் சொல்லி வைக்கிறோம்.

அனுப்பிய கடிதம் இது:

"பொருள்: ஆய்வக அறிக்கை 2 (தனி ஊசல்), தாள் எண் … — விவாதப் பகுதிக் கருத்துரை குறித்து இரண்டு கேள்விகள்

டாக்டர் … அவர்களுக்கு,

ஊசல் அறிக்கைக்கான கருத்துரைகளுக்கு நன்றி. செய்முறைப் பகுதியில் அளவைக் கருவிகளின் நுட்ப அளவைச் சொல்லச் சொன்ன குறிப்பை அடுத்த அறிக்கையில் பின்பற்றுகிறேன்.

விவாதப் பகுதிக்கு 25க்கு 9 கிடைத்துள்ளது. 'பெரும்பாலும் விவரணை, முடிவுகளோடு இணைக்கப்படவில்லை, பிழைகள் பொதுவாகச் சொல்லப்பட்டுள்ளன' என்ற கருத்துரையை அளவுகோலோடு சேர்த்துப் படித்தேன். முதலாவதும் மூன்றாவதும் புரிகின்றன. பக்கம் 6இன் முதல் பத்தி அட்டவணை 2ஐத் திரும்பச் சொல்வதோடு நிற்கிறது. பக்கம் 7இல் கைவிரல் தாமதத்துக்கு அளவு கொடுக்கவில்லை. இப்போது கணக்கிட்டுப் பார்த்தேன்: 90 செ.மீ. நீளத்தில் அதன் விளைவு gயில் சுமார் 1 விழுக்காடு, அதனால் 2.9 விழுக்காடு வேறுபாட்டை அது தனியாக விளக்கவில்லை.

எனக்குத் தெளிவாகாதவை இரண்டு:

1. 'முடிவுகளோடு இணைக்கப்படவில்லை' என்பது பக்கம் 6இன் இரண்டாம் பத்தியைக் குறிக்கிறதா? அங்கே சராசரி gயை 9.81 உடன் ஒப்பிட்டிருக்கிறேன். அந்த ஒப்பீடு போதாதா, அல்லது அட்டவணையிலோ வரைபடத்திலோ நான் பேசாமல் விட்டது வேறு ஏதாவது இருக்கிறதா?

2. ஒரு பிழைக்காரணத்தின் அளவைக் காட்டினால் போதுமா, அல்லது அது g குறைவாக வந்த திசைக்கும் பொருந்துகிறது என்றும் காட்ட வேண்டுமா?

மதிப்பெண்ணை மாற்றக் கேட்டு எழுதவில்லை. மூன்றாம் அறிக்கை 21ஆம் தேதி கொடுக்க வேண்டும், அதன் விவாதத்தைச் சரியாக எழுதவே கேட்கிறேன். ஓரிரு வரி போதும். நேரில் சொல்வது எளிது என்றால் புதன்கிழமை சந்திப்பு நேரத்தில் அச்செடுத்த அறிக்கையோடு வருகிறேன்.

நன்றியுடன்,
(பெயர், மாணவர் எண், ஆய்வகக் குழு)"

நன்றி சொன்ன வரி வெறும் சடங்கு இல்லை. எந்தக் குறிப்புக்கு என்று சொல்லியிருப்பதால், கருத்துரை முழுவதையும் படித்திருக்கிறாள் என்பது தெரிகிறது. முதலாவதும் மூன்றாவதும் புரிகின்றன என்று ஒப்புக்கொண்டது அதைவிடப் பயனுள்ளது: பதில் எழுதுபவர் அவற்றை விட்டுவிட்டு இரண்டாவதற்கு நேரே வரலாம். பக்க எண்கள் இருப்பதால் அவர் அறிக்கையைத் திறந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். அரைமணி நேர வேலையாகத் தெரியும் கடிதம் "பிறகு பார்க்கலாம்" அடுக்குக்குப் போகும்.

முதல் கேள்வியின் பின்பாதிதான் கடிதத்தின் உயிர். "போதாதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் "போதாது" என்பது பதில். "நான் பேசாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டதால், பதில் சொல்பவர் அறிக்கையின் ஓர் இடத்தைச் சுட்டித்தான் ஆக வேண்டும்.

மதிப்பெண்ணை மாற்றக் கேட்கவில்லை என்ற வரியைப் பலர் தோல்வியாக நினைத்துச் சேர்க்க மறுக்கிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் பதில் எழுதுபவர் ஒவ்வொரு சொல்லையும் நாளை முறையீட்டில் மேற்கோளாக வரும் என்று எண்ணி எழுதுவார். குறையை விளக்குவதைவிட மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதில் அவர் கவனம் போய்விடும். அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் முறையிடப் போகிறவர் அதை எழுதக் கூடாது.

வந்த பதில்

மூன்றாம் வேலைநாளில் பதில் வந்தது. நான்கு வரி.

"நல்ல கேள்விகள். இரண்டாவதற்கு: திசையும் வேண்டும். முதலாவதற்கு: அட்டவணை 2இன் கடைசி நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். பிறகு படம் 1இல் கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, உங்கள் விவாதம் இரண்டையும் தொடவில்லை."

அவர் விடையைச் சொல்லவில்லை, இடத்தைச் சொன்னார். அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியே கணக்கிட்ட g இருந்தது. 30 செ.மீ.க்கு 9.34. 45க்கு 9.49. 60க்கு 9.57. 75க்கு 9.62. 90க்கு 9.65. மாணவி இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்து 9.53 என்று எழுதிவிட்டு மேலே போயிருந்தாள்.

சராசரி எடுத்ததும் மறைந்துபோனது இதுதான்: எண்கள் சிதறவில்லை, ஏறுகின்றன. கைவிரல் தாமதம் போன்ற ஒழுங்கற்ற பிழை என்றால் சில எண் மேலும் சில எண் கீழுமாகக் கலைந்து கிடக்கும். நூல் நீளமாக நீளமாக g படிப்படியாக 9.81ஐ நோக்கிப் போகிறது என்றால், ஏதோ ஒரு மாறாத அளவு ஒவ்வொரு அளவீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீளம் கூடும்போது அதன் பங்கு குறைகிறது. அது முறையான பிழை.

வரைபடத்தில் நீளம் கிடையச்சில், அலைவு நேரத்தின் இருபடி செங்குத்தச்சில். கோட்டின் சாய்வு 4.02, வெட்டுத்துண்டு 0.06 என்று மாணவியே படத்தின் கீழ் எழுதியிருந்தாள். அலைவு நேரம் T, நீளம் L என்றால் ஊசலின் சமன்பாடு T² = (4π²/g) L. நீளம் சுழி என்றால் நேரமும் சுழி, ஆக கோடு ஆதிப்புள்ளி வழியே போக வேண்டும். அது 0.06இல் வெட்டுகிறது. அளந்த நீளத்தில் d என்ற ஒரு துண்டு விடுபட்டிருந்தால் சமன்பாடு

T² = (4π²/g)(L + d)

என்றாகும். அப்போது வெட்டுத்துண்டை சாய்வால் வகுத்தால் d நேரே கிடைக்கும். 0.06 ÷ 4.02 = 0.015 மீட்டர். ஒன்றரை செ.மீ.

செய்முறைப் பகுதியில் அவளே எழுதியிருந்த வாக்கியம்: "தாங்கியிலிருந்து நூல் முடியும் இடம் வரை மீட்டர் அளவுகோலால் அளக்கப்பட்டது." நூல் முடியும் இடம் என்பது குண்டின் கொக்கி. ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை அளக்கப்பட வேண்டும். கொக்கியிலிருந்து மையம் வரையிலான துண்டு ஐந்து அளவீட்டிலும் விடுபட்டது. 30 செ.மீ.யில் ஒன்றரை செ.மீ. பெரிய பங்கு, 90இல் சிறிய பங்கு, அதனால்தான் அந்த ஏற்றம்.

இன்னொன்றும் கிடைத்தது. d எவ்வளவாக இருந்தாலும் சாய்வு மாறாது, கோடு முழுவதும் மேலே நகரும், அவ்வளவுதான். ஆகவே சாய்விலிருந்து g கண்டிருந்தால் 4π² ÷ சாய்வு = 39.48 ÷ 4.02 = 9.82. சரியான விடை படம் 1இன் கீழேயே இருந்திருக்கிறது. சராசரிக்குப் போனதால் அது கையில் வரவில்லை.

இப்போது அவள் விவாதத்தில் எழுதிய மூன்று காரணங்களையும் இதன் எதிரே நிறுத்தலாம். கைவிரல் தாமதம் 30 செ.மீ.யில் கண்ட குறைவை விளக்க வேண்டுமானால், 20 அலைவுக்கு ஒவ்வொரு முறையும் அரை நொடிக்கும் சற்று மேலாகத் தாமதமாகவே நிறுத்தியிருக்க வேண்டும், ஒருமுறைகூட முன்னதாக அழுத்தாமல். நடக்காது. கோணம்: 10 பாகைக்குள் விட்டதாகச் செய்முறை சொல்கிறது. 10 பாகையில் அலைவு நேரம் கூடுவது 0.2 விழுக்காடு, gயில் 0.4. திசை சரி, அளவு போதாது. காற்றுத்தடை வீச்சைத்தான் மெல்லக் குறைக்கும். கனமான எஃகுக் குண்டில் அலைவு நேரத்தை அது தொடுவது இந்தக் கருவிகளுக்குத் தெரியாத அளவு. மூன்றும் பொய்யான காரணங்கள் அல்ல. மூன்றும் சேர்ந்தாலும் அந்த ஏற்றத்தை விளக்காது என்பதுதான் குறை, "முடிவுகளோடு இணைக்கப்படவில்லை" என்ற கருத்துரையின் பொருளும் அதுவே.

இந்தச் சோதனையைச் சென்னையில் செய்பவர்கள் 9.81ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். அங்கே g சுமார் 9.78. கால் விழுக்காட்டுக்கு மேலான வேறுபாடு ஒப்பிடும் எண்ணிலேயே ஒளிந்திருக்கும். இங்கிலாந்தில் 9.81 பொருந்துகிறது.

விவாதம் எப்படி இருந்திருக்க வேண்டும்

பதிலைப் படித்த பிறகு மாணவி அந்தப் பகுதியைத் தனக்காகத் திருப்பி எழுதிப் பார்த்தாள். மறுபடி சமர்ப்பிக்க வழியில்லை, இருந்தாலும் எழுதினாள். முதல் பத்தி இப்படி அமைந்தது:

"ஒவ்வொரு நீளத்துக்கும் தனியே கணக்கிட்ட g 9.34இலிருந்து 9.65 வரை நீளத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஒழுங்கற்ற பிழை இத்தகைய ஒருபக்க ஏற்றத்தைத் தராது. எனவே இவற்றின் சராசரியை விடையாகக் கொள்ள முடியாது. படம் 1இன் வெட்டுத்துண்டு 0.06 நொ², சாய்வு 4.02 நொ²/மீ, இவற்றின் விகிதம் 1.5 செ.மீ. நூல், குண்டின் கொக்கி வரையே அளக்கப்பட்டதால், கொக்கிக்கும் மையத்துக்கும் இடைப்பட்ட தூரம் விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. சாய்வு இந்தப் பிழையால் பாதிக்கப்படுவதில்லை. அதிலிருந்து கிடைக்கும் g 9.82 மீ/நொ². கோணத்தின் விளைவு 0.4 விழுக்காட்டுக்குள், கைவிரல் தாமதத்தின் விளைவு 30 செ.மீ.யில் சுமார் 2 விழுக்காடு, 90 செ.மீ.யில் 1, பிந்தையது இருதிசையிலும் வரக்கூடியது என்பதால் ஏற்றத்துக்குக் காரணமாகாது."

பழைய விவாதம் ஒன்றரைப் பக்கம். இது அரைப் பக்கம்கூட இல்லை. அளவுகோலின் 60களில் சொன்ன அளவு, திசை, ஒப்பீடு மூன்றும் இதில் இருக்கின்றன. அவளுக்கு இதை எழுதத் தேவையான ஒவ்வொரு எண்ணும் பழைய அறிக்கையிலேயே இருந்தது. புதிதாக ஒரு அளவீடுகூட எடுக்கவில்லை.

பதில் வராமலே போயிருந்தால்? ஐந்து வேலைநாள் பொறுத்து, அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக ஒரு வரி நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அச்செடுத்த அறிக்கையோடு சந்திப்பு நேரத்தில் போவதே நல்லது. ஆய்வக வழிகாட்டியிடம் கேட்டாலும் அட்டவணையின் ஏற்றத்தை அவர் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். துறைத்தலைவருக்கு நகல் போடுவது இந்தக் கட்டத்தில் தவறு. விளக்கம் கேட்ட கடிதம் அத்தோடு புகாராக மாறிவிடும், பிறகு பதில் நடைமுறை மொழியில்தான் வரும்.

நன்றிக் கடிதம் சுருக்கமாக இருந்தது: ஏற்றத்தைக் கண்டதாகவும், விடுபட்ட துண்டு 1.5 செ.மீ. என்று வந்ததாகவும் எழுதினாள். அதற்குப் பொறுப்பாசிரியர் ஒரே ஒரு வரி அனுப்பினார்: "1.5 என்பது உங்கள் கோட்டிலிருந்தே வந்த எண். அதைக் கொண்டு நீளங்களைத் திருத்தி g சரியாக வருகிறது என்று சொன்னால் அது சுற்றிவந்து தொட்டதாகும். வேறு வழியில் சோதிக்க முடியுமா?"

அடுத்த ஆய்வக வகுப்பில் அதே குண்டை எடுத்து வெர்னியர் அளவியில் வைத்தாள். விட்டம் 24.0 மி.மீ. கொக்கி, முடிச்சு விழும் இடம் வரை 3 மி.மீ. ஆரம் 12, கொக்கி 3: சேர்த்தால் 15.